எட்டுப் பாட்டு, ஒரு கப்பல்
முதல் இசைத்தொகுதி வெளியிட முனையும் இளைஞர்க்குச் சில குறிப்புகள்

சென்ற மழைக்காலத்தில் நம் தீவு இளைஞர் நால்வர் நம்மைத் தேடி வந்தனர். ஒருவர் பாடுகிறவர், ஒருவர் கிட்டார் வாசிக்கிறவர், ஒருவர் தவிலும் பறையும் பழகியவர், நான்காமவர் பாட்டு எழுதுகிறவர். பொங்கல் விழாவிலும் கோயில் திருவிழாவிலும் பாடிக் கைதட்டல் பெற்றவர்கள்தாம். இப்பொழுது தம் சொந்தப் பாடல்களை ஒரு தொகுதியாக வெளியிட வேண்டும் என்னும் ஆவல் அவர்களுக்குப் பிறந்துவிட்டது. பதினொரு பாடல்கள் ஆயத்தமாக இருந்தன. சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தை மணிக் கணக்கில் வாடகைக்கு எடுக்க வேண்டும். அதற்கான பணத்தில் பாதி, பாடகரின் தாயார் சீட்டுக் கட்டிச் சேர்த்தது. ஆகவே அவர்கள் கேட்ட கேள்வி விளையாட்டுக் கேள்வி அன்று: "இந்தப் பதினொன்றையும் ஒரே நூலில் கோப்பது எப்படி?"

"கோக்கும் நூல் எது என்று நினைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டோம்.

"தீவு" என்றார் பாட்டெழுதுகிறவர்.

பதினொன்றையும் கேட்டோம். மூன்று காதற் பாட்டு, இரண்டு கடற்பாட்டு, தாயைப் பற்றி ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, கடைத்தெருவைக் கேலி செய்யும் துள்ளற் பாட்டு ஒன்று, ஆழிப் பேரலையைப் பற்றி ஒன்று, மற்ற இரண்டும் இன்னதென்று சொல்ல இயலாதவை. பாடல்கள் தனித்தனியே நன்றாகத்தான் இருந்தன. ஆனால் "தீவு" என்னும் சொல் அவற்றைக் கோக்கவில்லை. ஒரு பெட்டிக்குள் போட்டு மூடியது, அவ்வளவுதான். அன்று தொடங்கிய பேச்சு நான்கு மாதம் நீண்டது. அதில் நாம் கண்டறிந்தவற்றைப் பிறருக்கும் பயன்படுமென்று இங்கே எழுதுகிறோம்.

பொருள் வேறு, கருத்து வேறு

ஆல்பம் என்று இன்று நாம் வழங்கும் சொல்லுக்குப் பின்னே ஒரு சிறு வரலாறு உண்டு. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம், மிஞ்சினால் நான்கு நிமிடம் ஓடும். பல தட்டுகளைச் சேர்த்து விற்க விரும்பியவர்கள், புகைப்படப் புத்தகம் போன்ற அட்டைக் கட்டில் உறைகளைத் தைத்து அவற்றில் தட்டுகளைச் செருகினார்கள். அந்தப் புத்தகந்தான் ஆல்பம். புத்தகம் என்று ஆனவுடனே, அதனுள் இருப்பவை ஒன்றோடொன்று பேச வேண்டாமா என்னும் எண்ணமும் கூடவே வந்தது.

அந்த எண்ணத்தை நன்கு நிறைவேற்றியவருள் ஒருவர் அமெரிக்க நாட்டுப் பாடகர் உட்டி கத்ரி. 1940 ஆம் ஆண்டில் விக்டர் நிறுவனத்தார் அவருடைய பாடல்களைப் பதிவு செய்தனர். பெரிய நிறுவனத்தில் அவருக்கு அதுவே முதல் வாய்ப்பு. 1930களில் அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளியில் மழை பொய்த்து, உழுத மண் காற்றில் எழுந்து புழுதிப் புயலாக வீசியது. நிலம் இழந்த ஏழை உழவர் ஆயிரக்கணக்கில் கலிபோர்னியாவை நோக்கிப் புலம்பெயர்ந்தனர். கத்ரியும் அந்தப் புழுதியைத் தின்றவர்; 1935 ஏப்ரல் 14 அன்று பெரும்புயல் வந்தபொழுது டெக்சாசில் இருந்தவர். அவருடைய பாடல்கள் மும்மூன்று தட்டுகள் கொண்ட இரு கட்டுகளாக வெளிவந்தன.

அவர் செய்ததை நாம் உற்று நோக்க வேண்டும். புழுதி கொடியது என்று அவர் பதினொரு முறை பாடவில்லை. ஒரு பாட்டில் புயல் வருகிறது. ஒரு பாட்டில் அண்டை வீட்டாரிடம் விடைபெறுகிறார்கள். ஒன்றில் புழுதியால் வந்த நுரையீரல் நோயையே நகைச்சுவையாகப் பாடுகிறார். மற்றொன்றில் கலிபோர்னியா எல்லையில், கையில் காசில்லாதவரை உள்ளே விட மறுக்கும் நிலைமையைக் கிண்டல் செய்கிறார். ஒரு கதைப்பாட்டு ஒரு பக்கத்தில் அடங்காமல் தட்டின் இரு பக்கங்களையும் எடுத்துக்கொண்டது. பதிவான பாடல்களுள் இரண்டு இடமின்மையால் அப்பொழுது விடப்பட்டன. புழுதி என்பது பொருள். வீடு இழந்தவன் சாலையில் செல்லச் செல்ல என்ன ஆகிறான் என்பது கருத்து. முன்னது பெயர்ச்சொல், பின்னது ஒரு முழு வாக்கியம்.

இதையே நம் இளைஞர்க்கு முதற் சோதனையாக வைத்தோம். "உங்கள் தொகுதியின் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அந்த வாக்கியத்தில் ஏதேனும் மாற வேண்டும், அல்லது ஏதேனும் முரண்பட வேண்டும். இரண்டும் இல்லையேல் அது தலைப்பு, கருத்து ஆகாது." இரண்டு வாரம் அவர்கள் வரவில்லை.

மையமும் வழியும்

அவர்கள் மீண்டும் வந்தபொழுது நம் மொழியிலேயும் நம் மண்ணிலேயும் இருக்கும் இரண்டு முன்மாதிரிகளை அவர்கள் முன் வைத்தோம். முதலாவது பாரதியாரின் கண்ணன் பாட்டு. 1917 இல் வெளிவந்த அந்நூலில் உள்ள பாடல்கள் இருபத்து மூன்று. ஒவ்வொரு பாட்டுக்கும் தலைப்பே உறவைச் சொல்லிவிடும்: கண்ணன் என் தோழன், என் தாய், என் தந்தை, என் சேவகன், என் அரசன், என் சீடன், என் சற்குரு, என் காதலன், சில இடங்களில் கண்ணனே கண்ணம்மாவாகிக் குழந்தையாகவும் காதலியாகவும் குலதெய்வமாகவும் ஆகிறான். இதில் கதை என்று ஒன்று நடக்கவில்லை. நடுவில் ஒருவன் நிற்கிறான்; பாடுகிறவர் அவனைச் சுற்றி வந்து, நிற்கும் இடத்தை மாற்றி மாற்றிப் பார்க்கிறார். இத்தகைய கோவையை மையக் கோவை என்போம்.

இரண்டாவது, திருவையாற்றில் வாழ்ந்த தியாகராச சுவாமிகள் தெலுங்கில் இயற்றிய நௌகா சரித்திரம். கோபியர் கண்ணனுடன் யமுனையில் ஓடம் விடுகிறார்கள், தம் அழகையும் திறமையையும் எண்ணிச் செருக்குறுகிறார்கள், புயல் எழுகிறது, ஓடம் ஓட்டையாகிறது, செருக்கு அழிந்து அடைக்கலம் புகுகிறார்கள், கரை சேர்கிறார்கள், நன்றி செலுத்துகிறார்கள். பாகவதத்தில் இக்கதை இல்லை. சுவாமிகள் தாமே கற்பித்தது. இருபத்தொரு கீர்த்தனைகள், அவற்றுக்கு இடையிடையே செய்யுளும் வசனமும் இணைப்பாக வருகின்றன. இங்கே முன்பின் மாற்ற இயலாது. புயலுக்கு முன் நன்றி பாட முடியாதன்றோ? இத்தகையது வழிக் கோவை.

முதன்முறையாகத் தொகுதி செய்கிறவர்கள் இவ்விரண்டில் எது தமக்கு ஏற்றது என்பதை முதலிலேயே முடிவு செய்தல் நலம். மையக் கோவை எளிது. ஒரு பாட்டு சரியாக அமையாவிட்டால் எடுத்துவிடலாம், மற்றவை நிற்கும். ஆனால் கேட்பவர் முதலிலிருந்து கடைசிவரை கேட்க வேண்டிய கட்டாயம் ஏதும் அதில் இல்லை. வழிக் கோவை கேட்பவரைக் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும். ஆனால் நடுவில் ஒரு பாட்டு தளர்ந்தால் பாலத்தில் ஒரு பலகை போனதாகும். மேலும் கதையை நகர்த்த வேண்டிய சுமை பாட்டின்மேல் ஏறும். அச்சுமை ஏறிய பாட்டு பெரும்பாலும் பாட்டாக இராமல் செய்தியாகிவிடும்.

கண்ணன் பாட்டிலிருந்து கற்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. அதில் கண்ணம்மாவைக் குழந்தையாகப் பாடும் பாட்டுக்குப் பாரதியார் குறித்த இராகம் பைரவி. 1951 இல் வந்த மணமகள் என்னும் திரைப்படத்தில் அதே பாட்டு இராகமாலிகையாக அமைந்து நாடெங்கும் பரவியது. அதைத் தாலாட்டாகப் பாடிய தாய்மார் எத்தனையோ பேருக்கு அது இருபத்து மூன்று பாடல் கொண்ட ஒரு கோவையின் உறுப்பு என்பது தெரியாது. தெரியாமலே அது அவர்களுக்கு நிறைவு தந்தது. கோவையில் உள்ள பாட்டு இப்படித்தான் இருக்க வேண்டும். தனியே எடுத்தாலும் முழுமை. கோவையில் வைத்தால் அதற்கு மேலும் ஒரு பொருள். இன்று கைப்பேசியில் பாட்டுக் கேட்பவர் வரிசையாகவா கேட்கிறார்? எங்கிருந்தோ ஒன்று வந்து விழுகிறது. அந்த ஒன்று தன் காலில் நிற்காவிட்டால் மற்ற ஏழையும் அவர் தேடப் போவதில்லை.

'ஊருக்குப் போகிறேன்'

நம் நால்வருக்கும் கருத்துக் கிடைத்தது ஒரு தற்செயலான பேச்சில். தவில் வாசிக்கிறவர் சென்னையிலிருந்து கப்பலில் வந்திருந்தார். சுமார் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர்க் கடல். மூன்று இரவுப் பயணம். பங்க் வகுப்பின் பெரிய கூடத்தில் படுக்கைகள் அடுக்கடுக்காக இருக்கும். நூற்றுக்கணக்கானவர் ஒரே காற்றை மூச்சு விடுவார்கள். "பக்கத்தில் இருந்த ஒருவரை எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். ஊருக்குப் போகிறேன் என்றார். போன முறை இங்கிருந்து சென்னைக்குப் போகையிலும் ஒருவரைக் கேட்டேன். அவரும் ஊருக்குப் போகிறேன் என்றுதான் சொன்னார்" என்று அவர் சிரித்தார்.

சிரிப்பு நின்றதும் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தோம். வாக்கியம் அங்கேயே எழுதப்பட்டது: ஒரே கப்பலில் வரும் அனைவரும் 'ஊருக்குப் போகிறேன்' என்கிறார்கள், ஆனால் அவர்களுடைய ஊர் ஒன்றன்று. இதில் முரண் இருக்கிறது. மாற்றத்துக்கும் இடம் இருக்கிறது. கப்பல் புறப்படுவதும் சேர்வதும் வழிக் கோவையின் வரிசையைத் தருகின்றன. 'ஊர்' என்னும் ஒரு சொல்லைச் சுற்றிப் பலர் நிற்பது மையக் கோவையின் எளிமையைத் தருகிறது.

பணத்தையும் நேரத்தையும் எண்ணிப் பாடல்கள் எட்டு என வரையறுத்தோம். ஒவ்வொன்றும் சுமார் நான்கு நிமிடம். மொத்தம் முப்பத்திரண்டு நிமிடம். அடுத்து ஒவ்வொரு பாட்டையும் பாடுகிறவர் யார் என்று எழுதினோம். இதுவே எல்லாவற்றினும் பயன் தந்த வேலை. யார் பாடுகிறார் என்பது தெரிந்துவிட்டால் எந்தச் சொல் வரலாம், எந்தச் சொல் வரலாகாது என்பது தானே தெரிந்துவிடுகிறது.

முதற் பாட்டு, மணமாகி முதன்முறை தீவுக்கு வரும் பெண். துறைமுக விளக்குகள் மறைவதைப் பார்க்கிறாள். இரண்டாவது, கட்டட வேலைக்கு வரும் கொத்தனார். கப்பல் ஆட்டத்தில் தலைசுற்றிப் படும் பாட்டை நகையாகப் பாடுகிறார். மூன்றாவது, சரக்கு எடுத்துக்கொண்டு திரும்பும் அபர்தீன் கடைத்தெரு வணிகர். இரவில் உறக்கமின்றிக் கணக்குப் போடுகிறார். நான்காவது, தீவிலே பிறந்த பள்ளிச் சிறுமி; இராமநாதபுரத்துப் பாட்டி வீட்டில் உறவுப் பிள்ளைகள் அவளை அந்தமான்காரி என்று அழைத்தார்கள், இங்கேயோ அவளைத் தமிழ்நாட்டுக்காரி என்கிறார்கள். ஐந்தாவது, கடல் கொந்தளிக்கும் இரவு. தனிக்குரல் இல்லை, எல்லாரும் சேர்ந்து பாடுவது. ஆறாவதைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம். ஏழாவது, பணி ஓய்வுபெற்றுச் சொந்தக் கிராமத்தில் குடியேறச் சென்று, அங்கே தமக்கு யாரும் இல்லை என்று கண்டு திரும்பும் முதியவர். எட்டாவது, விடியற்காலை, கரை தெரிகிறது, மீண்டும் அதே மணப்பெண்.

பழைய பதினொன்றில் இந்த எட்டுக்குள் வந்தவை மூன்று மட்டுமே. கடைத்தெருத் துள்ளற் பாட்டு வணிகருக்குச் சென்றது. தாய்ப்பாட்டின் மெட்டு மணப்பெண்ணுக்குச் சென்றது. மற்றொன்று ஆழிப் பேரலைப் பாட்டு.

ஆறாவது பாட்டு

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அதைப் பற்றி இவ்விதழ் வாசகர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. நால்வருள் ஒருவருடைய குடும்பம் கச்சல் தீவில் இருந்தது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் சிலர் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட தீவு அது. அன்று மிகக் கொடிய இழப்புக்கு உள்ளான இடங்களுள் ஒன்று. அவர் எழுதிய பாட்டு நாளும் நேரமும் சொல்லித் தொடங்கி, அலை வந்ததையும் போனதையும் வரிசையாகச் சொல்லியது. கப்பற் கோவையில் அதற்கு இடமில்லை என்று மற்ற மூவரும் சொன்னார்கள். அதை விட்டுவிட்டுத் தாம் வரப் போவதில்லை என்றார் அவர். தொகுதியே நின்றுவிடும் போல் ஆயிற்று.

நாம் இரு தரப்பையும் எண்ணிப் பார்த்தோம். மூவர் சொன்னது கோவையின் நியாயம்: அப்பாட்டைப் பாடுகிறவர் கப்பலில் இல்லை. அவர் சொன்னது உண்மையின் நியாயம்: இத்தீவுகளைப் பற்றி 'ஊர்' என்று பாடிவிட்டு அந்நாளைச் சொல்லாமல் விட்டால் அந்த ஊர் பொய்யாகும். அப்பொழுது நாம் ஒரு கேள்வி மட்டும் கேட்டோம்: "அன்றைய நாளை நேரில் கண்ட ஒருவர் இந்தக் கப்பலில் இருந்தால் எங்கே உட்கார்ந்திருப்பார்?"

நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, "எங்கள் அப்பாயி கப்பலில் ஏறினால் கடலுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவார்" என்றார்.

ஆறாவது பாட்டு அதுதான். மேல் தளத்தில் கடலுக்கு முதுகு காட்டி அமர்ந்து, எதிரே விளையாடும் பிள்ளைகளின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் மூதாட்டி பாடுகிறார். அதில் நாள் இல்லை. அலை என்னும் சொல்லும் இல்லை. கொந்தளிக்கும் இரவுக்குப் பின் அந்தப் பாட்டு வருவதால், அவர் எதைப் பார்க்க மறுக்கிறார் என்பது கேட்பவர்க்குத் தானே விளங்குகிறது. தனியே கேட்டாலோ, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டியின் பாட்டாக அது நிற்கிறது. கோவை என்பது பாட்டுக்கு என்ன செய்ய வல்லது என்பதை நாம் அன்றுதான் முழுமையாக உணர்ந்தோம். சொல்லாமல் விடுவதற்கான உரிமையை அது தருகிறது. பக்கத்துப் பாட்டு அதைச் சொல்லிக்கொள்ளும்.

இசையிலும் ஊர் மாற வேண்டும்

சொற்களால் மட்டும் கோத்த தொகுதி பாதி கோத்த மாலைதான். இசையிலும் நூல் ஓட வேண்டும். முதற் பாட்டையும் எட்டாம் பாட்டையும் ஒரே பெண் பாடுவதால் மெட்டும் ஒன்றாக இருக்கட்டும் என்று முதலில் நினைத்தார்கள். ஆனால் மூன்று இரவில் அவள் மனம் மாறிவிட்டதே, அது எப்படித் தெரியும்? இதற்குக் கருநாடக இசையில் ஓர் அழகான வழி இருக்கிறது. கிரக பேதம் என்பார்கள்.

ஆர்மோனியத்தில் ஒரு கட்டை சுருதியில் மோகனம் வாசித்துப் பாருங்கள். ஐந்து சுவரங்கள். இப்பொழுது அதே ஐந்து கட்டைகளையே வைத்துக்கொண்டு, மோகனத்தின் தைவதத்தை சட்சமாகக் கொள்ளுங்கள். அதாவது ஆறு கட்டையை ஆதார சுருதியாக்கி அங்கிருந்து ஏறி இறங்குங்கள். கேட்பது மோகனம் அன்று, சுத்த தன்யாசி. விரல் தொடும் கட்டைகள் மாறவில்லை. பின்னால் ஒலிக்கும் தம்பூரா மட்டும் மாறிற்று. ஆயினும் ஒன்றில் ஏக்கம், மற்றொன்றில் தெளிவு.

முதற் பாட்டு ஆறு கட்டையில் சுத்த தன்யாசி. எட்டாம் பாட்டு ஒரு கட்டையில் மோகனம். பாடுகிறவர் தொடும் சுவரங்கள் அவையே. ஆகையால் குரலின் எல்லையும் ஏறத்தாழ அதுவே. ஆனால் எந்தச் சுவரத்தில் வந்து ஓய்வு கொள்கிறாரோ அது வேறு. ஆதார சட்சம் என்பது பாட்டுக்கு ஊர் அன்றோ? எல்லாச் சுவரமும் எங்கெங்கோ சென்று அங்கேதான் திரும்பி வருகின்றன. அவளுடைய ஊர் மாறிவிட்டது என்பதைச் சொல்லாமல் சுருதியே சொல்லிவிடுகிறது. கேட்பவருள் நூற்றுக்கு ஒருவருக்கும் காரணம் தெரிய வேண்டாம். ஏதோ விடிந்தது போல் தோன்றினால் போதும்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. எட்டாம் பாட்டின் அடிகள் பழைய பழக்கத்தில் தைவதத்திலேயே போய் நின்றால், தம்பூரா எதுவாயினும் காது அதைச் சுத்த தன்யாசியாகவே கொள்ளும். முதல் ஒத்திகையில் அதுதான் நேர்ந்தது. ஒவ்வோர் அடியின் முடிவையும் புதிய சட்சத்திலோ அதன் பஞ்சமத்திலோ காந்தாரத்திலோ நிறுத்திய பிறகே மோகனம் எழுந்தது.

பாட்டுக்குப் பாட்டு இணைப்பாக, நௌகா சரித்திரத்தில் வரும் வசனம் போல், கப்பலின் எந்திர ஓசையையும் ஊதுகுழலையும் பதிந்து வைக்க விரும்பினார்கள். நல்ல எண்ணமே. ஆனால் அந்த ஓசையைப் பாட்டின் தொடக்கத்தில் இருபது வினாடி வைத்தார்கள். தனியே அப்பாட்டைக் கைப்பேசியில் கேட்பவர் இரைச்சல் என்று எண்ணித் தாண்டிப் போவார். ஸ்பாட்டிஃபை போன்றவற்றில் முப்பது வினாடிக்குள் தாண்டினால் அது கேட்டதாகவே கணக்கில் ஏறாது. ஆகவே இணைப்பு ஓசைகளை முன்பாட்டின் வாலில் சேர்த்து, மெல்லத் தேய்ந்து மறையுமாறு செய்தோம். தேயாமல் அடுத்த பாட்டுக்குள் நேரே ஓடவிட்டால், சில கருவிகள் பாட்டுக்குப் பாட்டு ஒரு நொடி இடைவெளி விடும். அப்பொழுது ஓசை வெட்டுண்டு போகும்.

பிழை எங்கே என்று அறிவது

எட்டும் எழுதி முடிந்தபின் சொற்களை எண்ணச் சொன்னோம். 'கடல்' பத்தொன்பது இடத்தில் இருந்தது. 'கப்பல்' பதினான்கு இடத்தில். 'ஊர்' எல்லாப் பாட்டிலும், சிலவற்றில் மும்முறை. முதன்முறை கோவை செய்கிறவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் குழி இது. கேட்பவர்க்கு நூல் தெரியாமற் போய்விடுமோ என்னும் அச்சத்தால் ஒவ்வொரு பாட்டிலும் நூலை வெளியே இழுத்துக் காட்டுகிறார்கள். கடலை ஐந்தாம் பாட்டுக்கு மட்டும் விட்டு மற்றவற்றிலிருந்து நீக்கினோம். 'ஊர்' முதற் பாட்டிலும் நான்காம் பாட்டிலும் எட்டாம் பாட்டிலும் மட்டும் நின்றது. மற்ற இடங்களில் அது இருந்த இடம் வெற்றிடமாகவே இருக்கிறது, அவ்வெற்றிடம் கேட்கிறது.

பின்பு மூன்று சோதனை செய்தோம். ஒன்று, எட்டில் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் கேட்டல். எடுத்தபின் குறை ஏதும் தோன்றவில்லையேல் அப்பாட்டு கோவைக்கு உரியதன்று. கொத்தனார் பாட்டில் இச்சோதனை நம்மைத் திகைக்க வைத்தது. நகைப் பாட்டுத்தானே என்று எடுத்துப் பார்த்தால், முதற் பாட்டின் ஏக்கத்தோடு வணிகரின் கவலை நேரே வந்து மோதி, தொகுதி பத்து நிமிடத்திலேயே கனத்துவிட்டது. பாட்டு மீண்டும் இடம்பெற்றது.

இரண்டு, வரிசையைக் குலைத்துக் கேட்டல். மூதாட்டியின் பாட்டைக் கொந்தளிப்புக்கு முன்னே வைத்தபொழுது அது வெறும் இனிய பாட்டாகிவிட்டது. வணிகரையும் சிறுமியையும் இடம் மாற்றியபொழுதோ ஒன்றும் மாறவில்லை. எனவே எந்த இடம் கட்டாயம், எது நம் விருப்பம் என்பது தெரிந்தது. விருப்பத்துக்கு உரிய இடத்தில் தாளத்தின் வேகத்தைக் கொண்டு முடிவு செய்தோம். மெல்லிய பாட்டு இரண்டு அடுத்தடுத்து வரலாகாது.

மூன்று, ஒன்றும் அறியாதவரிடம் ஒரே ஒரு பாட்டைப் போட்டுக் காட்டல். ஏழாம் பாட்டைத் தேநீர்க் கடைக்காரர் ஒருவரிடம் கேட்கச் செய்தோம். "யாரோ எங்கிருந்தோ திரும்புகிறார் என்று தெரிகிறது. எதற்குப் போனார் என்று தெரியவில்லையே" என்றார் அவர். அந்தப் பாட்டு மற்ற ஏழின் துணையை நம்பிச் சோம்பி இருந்தது என்பது விளங்கிற்று. முதியவர் கிராமத்து வீட்டின் பூட்டைத் திறக்க முயல்வதும் சாவி துருப்பிடித்துத் திரும்பாமற் போவதும் ஓர் அடியாகச் சேர்ந்தன. இப்பொழுது அது தனியே நிற்கிறது.

விடப்பட்ட எட்டுப் பாடல்கள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். அவை வீணாகவில்லை, விழா மேடையில் இன்றும் அவற்றுக்குத்தான் கைதட்டல் மிகுதி. கோவைக்கு உரியதல்லாத நல்ல பாட்டு, தனிப்பாட்டாக நல்ல பாட்டே. அதைக் கோவைக்குள் திணிப்பதுதான் இரண்டையும் கெடுக்கும்.

நால்வரும் பதிவுக்காகச் சென்னை செல்லக் கப்பலுக்குச் சீட்டு எழுதியிருக்கிறார்கள். விமானத்தில் இரண்டரை மணி நேரத்தில் போகலாமே என்று கேட்டோம். எந்திர ஓசையைப் பதிய வேண்டும், அதனால் கப்பல்தான் என்றார்கள். பாடகரின் தாயாரும் உடன் செல்கிறார். பதினெட்டு ஆண்டாகப் பிறந்த கிராமத்தைக் காணவில்லையாம். எங்கே போகிறீர்கள் அம்மா என்று வழக்கம் போல் விசாரித்தோம்.

"ஊருக்கு" என்றார். சற்று நின்று, "போய்விட்டு ஊருக்கு வந்துவிடுவேன்" என்றார்.

பாட்டெழுதுகிறவர் நம்மைப் பார்த்தார். எட்டாம் பாட்டின் கடைசி அடி இன்னும் முடிவாகாமல் இருந்தது.